பிறரின் ஸ்டோரியில் உங்கள் பெயர்: நீக்கும்போது நேரும் தவறுகள்

இன்ஸ்டாகிராமில் ஒருவர் தம் ஸ்டோரியில் @ குறியிட்டு உங்கள் பயனர்பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதாவது உங்களை மென்ஷன் செய்தால், உங்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வரும். கூடவே அந்த ஸ்டோரி உங்கள் டிஎம் பகுதியிலும் ஒரு செய்தியாக வந்து சேரும். அனுப்பியவருடன் உங்களுக்குத் தொடர்பு இல்லையென்றால், அது வழக்கமான செய்திகளோடு சேராமல் கோரிக்கைகள் பகுதியில் கிடக்கக்கூடும். @ இல்லாமல் வெறும் எழுத்தாகப் பெயரை எழுதினால் தகவல் எதுவும் வராது. முறையாகச் சேர்க்கப்பட்ட பெயர் அடிக்கோட்டுடனோ தனி ஸ்டிக்கராகவோ தெரியும், அதைத் தொட்டால் உங்கள் பக்கம் திறக்கும். சிலர் அந்தப் பெயரைப் புள்ளியளவு சுருக்கியும் பின்னணி நிறத்திலேயே எழுதியும் மறைப்பது உண்டு. அப்போதும் உங்களுக்குத் தகவல் வரும். ஆகவே படத்தில் பெயர் கண்ணில் படவில்லை என்பதால் மென்ஷன் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, உங்களுக்கு வந்த செய்தி, ஸ்டோரியில் உள்ள பெயர் இணைப்பு, படம் ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன. ஒரு நண்பர் மாலை 6 மணிக்கு உங்கள் படத்தை இட்டு உங்களை மென்ஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் டிஎம்மில் வந்த செய்தியை அழிக்கிறீர்கள். அழிந்தது உங்கள் பக்கத்தில் இருந்த செய்தி மட்டுமே. ஸ்டோரியும் அதிலுள்ள உங்கள் பெயரும் அப்படியே இருக்க, அதைப் பார்ப்பவர்கள் உங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். போதாக்குறைக்கு, எந்த ஸ்டோரி என்று நண்பருக்குக் காட்டவோ புகார் அளிக்கவோ தேவையான வழியையும் நீங்களே இழந்துவிடுகிறீர்கள். எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கடந்து ஸ்டோரி மறைந்துவிட்டால் டிஎம்மில் உள்ள முன்னோட்டமும் திறக்காது.

அடுத்து, அந்த ஸ்டோரியையே திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் பெயரை நீக்கும் தேர்வு அங்கே இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், இட்டவரே நீக்க வேண்டும். “நேற்று மாலை நீங்கள் போட்ட ஸ்டோரியில் என் பெயர் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்” என்று எந்த ஸ்டோரி என்பதைக் குறிப்பிட்டுக் கேட்பதுதான் விரைவில் பலன் தரும் வழி என்பது என் கருத்து. கோபத்தில் உடனே பிளாக் செய்வது பலரும் செய்யும் தவறு. பிளாக் செய்தால் அந்த ஸ்டோரி உங்கள் கண்ணிலிருந்து மறையுமே தவிர, மற்றவர்கள் கண்ணிலிருந்து மறையாது. கேட்டு நீக்கச் சொல்லும் வாய்ப்பும் போய்விடும்.

“ஒரு நாளில் தானே போய்விடும்” என்று விட்டுவிடுவதும் எப்போதும் சரியாக அமைவதில்லை. இட்டவர் அதை ஹைலைட்டில் சேர்த்துவிட்டால், அவர் நீக்கும் வரை அது உங்கள் பெயருடனேயே அவர் பக்கத்தில் நிற்கும். நீங்கள் கவலைப்படும் ஸ்டோரியாக இருந்தால், ஓரிரு நாள் கழித்து அவர் பக்கத்தின் மேற்பகுதியில் உள்ள ஹைலைட் வட்டங்களை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பம் டேக் பற்றியது. சாதாரணப் பதிவில் உங்களை டேக் செய்திருந்தால், உங்கள் பெயரைத் தொட்டு நீங்களே விலகிக்கொள்ளலாம். டேக்குகளை நீங்கள் ஒப்புதல் அளித்த பின்பே உங்கள் பக்கத்தில் காட்டும் வசதியும் உண்டு. அந்த ஒப்புதல் வசதி பதிவுகளுக்கானது, ஸ்டோரி மென்ஷனைத் தடுக்காது. அதை இயக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அடுத்த ஸ்டோரி வந்ததும் திகைத்துப்போகிறார்கள்.

ஸ்டோரி மென்ஷனுக்கான கட்டுப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, Settings and activity என்பதில் Tags and mentions பகுதிக்குள் சென்றால், உங்களை யார் மென்ஷன் செய்யலாம் என்பதற்கு எல்லோரும், நீங்கள் பின்தொடர்பவர்கள் மட்டும், யாரும் வேண்டாம் என மூன்று தேர்வுகள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது தேர்வு பொருந்தும். தெரிந்தவர்களின் அன்பான மென்ஷன்கள் நிற்காமல், முன்பின் அறியாதவர்களின் விளம்பர மென்ஷன்கள் நின்றுவிடும். ஆனால் இந்த மாற்றத்தை இனி வரும் மென்ஷன்களுக்கான தடையாக மட்டும் கருதுங்கள். ஏற்கெனவே ஹைலைட்டில் நிற்கும் பெயரை அதை இட்டவரிடம் தனியாகத்தான் கேட்டு நீக்க வேண்டும்.

பெயர் நீங்கினாலும் படம் நீங்குவதில்லை. உங்கள் பெயர் எங்குமே இல்லாமல் உங்கள் படத்தை ஒருவர் இட்டால் இந்த அமைப்புகள் எதுவும் உதவாது, உங்களுக்குத் தகவலும் வராது. உங்கள் சிக்கல் படமே என்றால், பெயரை மட்டும் நீக்கச் சொல்லாமல் ஸ்டோரியையே நீக்கக் கேளுங்கள். அவர் மறுத்தால் அதே மூன்று புள்ளிகளில் உள்ள Report வழியாக அந்த ஸ்டோரியைப் பற்றிப் புகார் அளியுங்கள்.