விளக்கு எரிந்தது, கெபாசிட்டர் வேலை செய்யவில்லை

"யூனிட் ஏறவே இல்லை, பில் மட்டும் ஏன் தம்பி ஏறியது?" என்றார் பட்டறை முதலாளி. யூனிட் மாறாததால் ஸ்லாபில் சிக்கல் இல்லை. இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலையாகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர்தான் 0.95-லிருந்து 0.72-க்கு விழுந்திருந்தது.

"மோட்டார்கள் செய்வது அதே 40 கிலோவாட் வேலைதான், அண்ணே. முன்பு அதற்கு லைனிலிருந்து மொத்தம் 42 கேவிஏ இழுத்தால் போதும். இப்போது 40-ஐ 0.72-ஆல் வகுத்தால் சுமார் 56. நீங்கள் அனுமதி வாங்கியது 50. டிமாண்ட் கட்டணம் கேவிஏ கணக்கு என்பதால் அதிலும் அடி, பவர் ஃபேக்டர் அபராதம் தனி."

பவர் ஃபேக்டரை உயர்த்தி வைக்கும் கெபாசிட்டர் பேனலில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. (அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.) கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். 25 கேவிஏஆர் கெபாசிட்டருக்கு 415 வோல்ட்டில் 35 ஆம்பியர் வர வேண்டும், வந்தது பூஜ்யம். ஃப்யூஸ்கள் போய், கெபாசிட்டரும் உப்பியிருந்தது. இரண்டையும் மாற்றியதும் 0.95 வந்தது. ஆனால் அந்த மாத உச்ச டிமாண்ட் ஏற்கெனவே மீட்டரில் பதிவாகிவிட்டதால், அது அடுத்த பில்லில்தான் குறைந்தது.