‘அப்ரூவல்டு மனை, கிளியர் டாக்குமெண்ட்’: விற்பனைப் பதிவில் வேண்டாத சொற்கள்

சித்தப்பா தன் மனையை விற்க ஒரு பதிவு எழுதி, வெளியிடும் முன் எனக்கு அனுப்பினார்.

“அருமையான முதலீடு! திருச்சி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம். சுமார் 5½ சென்ட். டிடிசிபி அப்ரூவல்டு. 100% கிளியர் டாக்குமெண்ட். வங்கிக் கடன் உண்டு. நியாயமான விலை, நேரில் பேசலாம். முந்துங்கள்!”

இதில் பொய் ஒன்றும் இல்லை என்றார். சரி, பத்திரப் பையை எடுத்து வாருங்கள் என்றேன். ஒவ்வொரு சொல்லையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் நிற்கவில்லை.

முதலில் அளவு. ஒரு சென்ட் 435.6 சதுரடி, அப்படியானால் 5½ சென்ட் 2,396 சதுரடி. பத்திரத்தில் இருந்ததோ 2,280. வடக்கே 40 அடி, தெற்கே 36 அடி, கிழக்கும் மேற்கும் 60 அடி. அதாவது 5.23 சென்ட். “சுமார்” என்ற சொல்லுக்குள் 116 சதுரடி ஒளிந்திருந்தது. அவர் மனதில் வைத்திருந்த விலை சதுரடி 1,400 ரூபாய். அந்தக் கணக்கில் இது 1,62,400 ரூபாய். வாங்குபவர் டேப் பிடிக்கிற அன்று இது வெளியே வரும். அப்புறம் மற்ற எதைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்.

பட்டாவைப் பார்த்தால் அது வேறு எண் சொன்னது. பட்டாவில் அளவு ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். இவருடையது 2.10 ஏர், சதுரடியில் ஏறத்தாழ 2,260. இருபது சதுரடி வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் பதிவில் இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. பத்திரத்தில் இவ்வளவு, பட்டாவில் இவ்வளவு, நேரில் அளந்தால் இவ்வளவு. நான்கு பக்க அளவையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 40க்கு 60 என்று மட்டும் போட்டால், பின்பக்கம் குறுகுவது மறைந்துவிடும்.

அதிகம் குழப்பியது அப்ரூவல்தான். 2003-ல் அவர் வாங்கியபோது அது ஊரில் “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று சொல்லி விற்ற லேஅவுட். டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி முத்திரை மட்டும் விழுந்த வரைபடம் அங்கீகாரம் ஆகாது. இப்படிப்பட்ட மனைகளுக்காகத்தான் 2017-ல் தமிழ்நாடு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை விற்றுப் பதிவான மனைகள் அதில் சேரும். சித்தப்பாவும் கட்டணம் கட்டி 2019-ல் ஆணை வாங்கியிருக்கிறார். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பெயர் “வரன்முறைப்படுத்தப்பட்ட மனை”. தொடக்கத்திலேயே ஒப்புதல் வாங்கிப் போட்ட டிடிசிபி லேஅவுட் வேறு, இது வேறு. சாலை அகலம், பூங்கா இடம் எல்லாம் விதிப்படி விட்டுப் பிரித்தது முன்னது. ஏற்கெனவே பிரித்து விற்றதைப் பின்னால் ஒழுங்குபடுத்தியது பின்னது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லேஅவுட் மொத்தத்துக்கும் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கும். தனி மனைக்கு ஆணை வாங்காமலே விட்டிருப்பார்கள். அப்படி இருந்தும் “அப்ரூவல் ஆகிவிட்டது” என்று எழுதுபவர்கள் நிறைய. உங்கள் மனை எண் போட்ட ஆணை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

அடுத்தது “100% கிளியர்”. வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தோம். 2011-ல் ஒரு பதிவு: இதே பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். 2018-லேயே அடைத்துவிட்டார், அசல் பத்திரமும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. ஆகவே சான்றைப் பொறுத்தவரை மனை இன்றும் அடமானத்தில்தான் இருக்கிறது. பணம் கட்டி முடித்தவர் பலரும் இந்த ஒரு படியை மறந்துவிடுகிறார்கள்.

“ஏண்டா, நம்ம குறையை நாமளே எழுதிட்டா எவன் போன் பண்ணுவான்?” என்றார் சித்தப்பா.

வாங்குபவரின் வக்கீல் முதல் வேலையாக அந்தச் சான்றைத்தான் எடுப்பார், சித்தப்பா. அட்வான்ஸ் கொடுத்த பிறகு அவர் கண்டுபிடித்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள். ரசீதைப் பதிந்துவிட்டு எழுதினால் பேச்சே எழாது. அவர் அதையே செய்தார். பதிவு வெளியே போக மூன்று வாரம் தாமதமானது.

வில்லங்கச் சான்றும் எல்லாம் சொல்லிவிடாது. பதிவாகாத உயில், பதிவாகாத விற்பனை ஒப்பந்தம், வாரிசுகளுக்குள் இருக்கும் தகராறு இவையெல்லாம் அதில் தெரியாது. அதனால் “கிளியர்” என்று உத்தரவாதம் கொடுக்கிற சொல்லை விட்டுவிட்டு, கையில் இருக்கும் காகிதங்களின் பெயரையும் ஆண்டையும் எழுதினால் போதும். ஆனால் பத்திரத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம். ஆள்மாறாட்டப் பதிவு நடக்கிற ஊர் இது. நேரில் வருபவரிடம் காட்டலாம்.

“வங்கிக் கடன் உண்டு” என்ற வரியை அடித்தேன். கடன் தருவதை வங்கி முடிவு செய்யும், நாம் அல்ல. “நியாயமான விலை”யும் போனது. விலையை எண்ணில் எழுதி, பேரம் உண்டா என்று மட்டும் சொன்னால் வீண் அழைப்புகள் குறையும். பத்து நிமிடத்தையும் கிலோமீட்டராக மாற்றினோம்.

ஃப்ளாட் விற்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். 1,050 சதுரடி என்று எழுதுவார்கள்; அதில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையின் பங்கும் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் கால் வைக்கிற கார்ப்பெட் ஏரியா 760தான் இருக்கலாம். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கான யூடிஎஸ் 480 சதுரடி என்றால் அதுவும் வேண்டும், ஏனென்றால் கட்டடம் பழசாக ஆக மதிப்பு அந்த நிலத்தில்தான் தங்கும். மூன்று எண்ணையும் எழுதி, சதுரடி விலை எந்த எண்ணின் மேல் போட்டது என்றும் சொல்லுங்கள்.

கடைசியில் சித்தப்பாவின் பதிவு இப்படி ஆனது:

“திருச்சி – மதுரை சாலையில் காலி வீட்டு மனை. பஞ்சப்பூர் பேருந்து நிலையத்திலிருந்து 6.5 கி.மீ.; கடைசி 400 மீட்டர் மண் சாலை. பத்திரப்படி 2,280 சதுரடி (5.23 சென்ட்), பட்டாப்படி 2.10 ஏர். வடக்கு 40, தெற்கு 36, கிழக்கு, மேற்கு 60 அடி. வடக்குப் பார்த்தது. முன்னால் உள்ள சாலை நேரில் அளந்தபடி 22 அடி.

2019-ல் தனி மனையாக வரன்முறைப்படுத்தப்பட்டது, ஆணை உண்டு. தொடக்கத்தில் அங்கீகாரம் பெற்ற லேஅவுட் அல்ல.

2003 கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், என் பெயரில் தனிப்பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று. 2011-ல் வாங்கிய வங்கிக் கடன் அடைக்கப்பட்டு ரசீது பதிவாகிவிட்டது. அசல்கள் என்னிடம்.

சதுரடி 1,400 ரூபாய், மொத்தம் 31,92,000. சிறிதளவு பேசலாம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் வாங்குபவருடையது. விற்பவர் நானே, தரகு இல்லை.”

“22 அடியை மட்டும் எடுத்துடலாமாடா?” என்று கேட்டார். வரைபடத்தில் 23 என்று இருந்தது. அளந்தது 22. அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.