நிஃப்டி ஃபியூச்சர்ஸ் மூலம் போர்ட்ஃபோலியோவின் பீட்டாவை மாற்றுவது: எத்தனை லாட் தேவை?

60 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வைத்திருக்கிறீர்கள். எல்லாமே பல வருடங்களாகச் சேர்த்தவை, விற்க மனமில்லை. விற்றால் மூலதன ஆதாய வரியும் கட்ட வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு மாதம் சந்தை ஆட்டம் காணும் என்று தோன்றுகிறது. பங்குகளைத் தொடாமல் அந்த ஆட்டத்தைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்றால், முடியும். நிஃப்டி 50 குறியீட்டின் ஃபியூச்சர்ஸை, அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இப்போதே முடிவுசெய்யும் ஒப்பந்தத்தை, விற்றால் போதும்; குறியீடு இறங்கினால் விற்றவருக்கு லாபம். ஃபியூச்சர்ஸை லாட் எனப்படும் நிர்ணயித்த அளவுத் தொகுப்புகளாகத்தான் விற்க முடியும். எத்தனை லாட் விற்பது என்பதுதான் கேள்வி. அதை ஒரு முழு உதாரணத்தோடு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

## முதலில் பீட்டா

பீட்டா சொல்வது இதுதான்: நிஃப்டி 1% நகர்ந்தால் உங்கள் போர்ட்ஃபோலியோ சராசரியாக எத்தனை சதவீதம் நகரும்? பீட்டா 1.2 என்றால் நிஃப்டி 10% இறங்கும்போது உங்கள் பங்குகள் சுமார் 12% இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். இது சராசரிதான், ஒவ்வொரு முறையும் அப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை.

நம் உதாரணத்தில் இருக்கும் பங்குகள் இவை:

| துறை | மதிப்பு | பங்கு விகிதம் | பீட்டா |
|---|---|---|---|
| வங்கி, நிதி | 24 லட்சம் | 40% | 1.25 |
| ஆட்டோ | 12 லட்சம் | 20% | 1.20 |
| உலோகம் | 12 லட்சம் | 20% | 1.60 |
| எஃப்எம்சிஜி | 12 லட்சம் | 20% | 0.70 |

ஒவ்வொரு பீட்டாவையும் அதன் விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.50 + 0.24 + 0.32 + 0.14 = 1.20. இதுதான் போர்ட்ஃபோலியோவின் பீட்டா.

தனித்தனிப் பங்குகளின் பீட்டாவை இணையதளங்களில் எடுக்கலாம். ஆனால் ஒரு தளம் மாத வருமானத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கும், இன்னொன்று வேறு குறியீட்டோடு ஒப்பிட்டிருக்கும். அவற்றைக் கலந்தால் கூட்டல் சரியாக இருந்தாலும் விடை நம்பத்தக்கதாக இருக்காது. நீங்களே கணக்கிடுவதுதான் நல்லது. இப்போது கையில் இருக்கும் பங்குகளை, இதே எண்ணிக்கையில், கடந்த இரண்டு வருடமும் வைத்திருந்ததாக எடுத்துக்கொண்டு வாராவாரம் மொத்த மதிப்பைப் போடுங்கள். பக்கத்திலேயே அதே தேதிகளுக்கு நிஃப்டியைப் போடுங்கள். இரண்டுக்கும் வார சதவீத மாற்றத்தைக் கண்டுபிடியுங்கள். மாற்றங்கள் B, C நிரல்களில் இருந்தால்:

```
=SLOPE(B2:B105, C2:C105)
=RSQ(B2:B105, C2:C105)
```

B-யில் போர்ட்ஃபோலியோ, C-யில் நிஃப்டி. வரிசையை மாற்றிப் போட்டாலும் ஸ்ப்ரெட்ஷீட் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான எண்ணைத் தந்துவிடும். அப்புறம், விலைகள் போனஸுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் சரிசெய்யப்பட்டவையா என்று பாருங்கள். 1:1 போனஸ் வந்த வாரத்தில் சரிசெய்யாத விலை பாதியாக விழுந்தது போலத் தெரியும். அந்த ஒரே வாரம் பீட்டாவைக் கெடுத்துவிடும். மாற்றங்களின் நிரலில் எங்காவது 40, 50 சதவீத வீழ்ச்சி கண்ணில் பட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வரி தரும் எண்ணை ஒதுக்கிவிடாதீர்கள். அது 0.75 என்றால், உங்கள் போர்ட்ஃபோலியோவின் ஏற்ற இறக்கத்தில் முக்கால் பங்கை நிஃப்டி விளக்குகிறது. மீதிக் கால் பங்கு அந்தந்த நிறுவனம், அந்தந்தத் துறை சார்ந்தது. ஃபியூச்சர்ஸ் அதை எதுவும் செய்யாது. அந்த எண் 0.3, 0.4 என்று வந்தால், அதாவது பெரும்பாலும் சிறு நிறுவனப் பங்குகளாக இருந்தால், நிஃப்டியை விற்றுப் பாதுகாப்புத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிஃப்டி ஏறி, உங்கள் பங்குகள் இறங்கி, இரண்டு பக்கமும் அடி விழக்கூடும்.

## லாட் கணக்கு

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் இப்படி யோசியுங்கள். 60 லட்சம், பீட்டா 1.2. அப்படியென்றால் சந்தை நகரும்போது உங்கள் பங்குகள் 72 லட்சம் ரூபாய் நிஃப்டி போல நடந்துகொள்ளும். பீட்டா 0.6 ஆக வேண்டும் என்றால் அது 36 லட்சம் ரூபாய் நிஃப்டி போல நடக்க வேண்டும். ஆக, 36 லட்சம் ரூபாய் அளவுக்கு நிஃப்டியை விற்க வேண்டும்.

ஒரு லாட்டின் மதிப்பு எவ்வளவு? ஃபியூச்சர்ஸ் விலை 25,000 என்றும், லாட் அளவு 65 என்றும் எடுத்துக்கொண்டால் 25,000 × 65 = 16,25,000 ரூபாய். லாட் அளவு நிலையானது அல்ல. 2024-இல் மட்டும் அது 50-இலிருந்து 25-க்கும், பிறகு 75-க்கும் மாறியது. பழைய கட்டுரையில் பார்த்த எண்ணைப் போடாமல், நீங்கள் விற்கப்போகும் அந்த மாதக் கான்ட்ராக்டின் லாட் அளவை ஆர்டர் திரையில் பார்த்துப் போடுங்கள்.

இப்போது சூத்திரம்:

```
N = (βT − βP) × V ÷ (F × L)

N = (0.6 − 1.2) × 60,00,000 ÷ (25,000 × 65)
  = −36,00,000 ÷ 16,25,000
  = −2.22
```

βT நீங்கள் விரும்பும் பீட்டா, βP இப்போதுள்ள பீட்டா, V போர்ட்ஃபோலியோ மதிப்பு, F ஃபியூச்சர்ஸ் விலை, L லாட் அளவு. விடை மைனஸில் வந்தால் விற்க வேண்டும், பிளஸ்ஸில் வந்தால் வாங்க வேண்டும். நிஃப்டி ஃபியூச்சர்ஸின் பீட்டா நிஃப்டிக்கு எதிராக 1 என்பதால்தான் சூத்திரம் இவ்வளவு எளிதாக இருக்கிறது. பேங்க் நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்பதென்றால், கீழே வகுக்கும் தொகையை அதன் பீட்டாவாலும் பெருக்க வேண்டும்.

பீட்டாவை உயர்த்துவதும் இதே கணக்குதான். 1.2-ஐ 1.5 ஆக்க 18 லட்சம் ரூபாய் நிஃப்டி கூடுதலாக வேண்டும்; 18 ÷ 16.25 = 1.11, அதாவது ஒரு லாட் வாங்கலாம். இது கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்குச் சமம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## 2.22 லாட் கிடையாது

பாதி லாட் விற்க முடியாது. இரண்டு விற்றால் பீட்டா 1.2 − (2 × 16.25 ÷ 60) = 0.66. மூன்று விற்றால் 0.39. நாம் விரும்பிய 0.6-க்கு இரண்டுதான் கிட்டத்தில் இருக்கிறது. முழு எண்ணாக்கிய பிறகு இப்படித் திரும்பக் கணக்கிடுவதைத் தவிர்க்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் பீட்டா அதுதான்.

போர்ட்ஃபோலியோ சிறியதாக இருந்தால் இந்த முழு எண்ணாக்கமே ஆபத்தாகிவிடும். 8 லட்சம் ரூபாய் பங்குகள், பீட்டா 1 என்று வையுங்கள். ஒரே ஒரு லாட் விற்றாலும் பீட்டா 1 − (16.25 ÷ 8) = −1.03. சந்தை 5% ஏறினால் நீங்கள் 5% இழப்பீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது, சந்தை விழும் என்று கட்டிய பந்தயமாகிவிட்டது. ஒரு லாட்டின் மதிப்பைவிட உங்கள் போர்ட்ஃபோலியோ சிறியதாக இருந்தால் இந்த வழி உங்களுக்கானது அல்ல. கொஞ்சம் பங்குகளை விற்றுப் பணமாக வைப்பதே சரியான வழி.

## சரிபார்ப்போம்

இரண்டு லாட் விற்றாகிவிட்டது. நிஃப்டியும் ஃபியூச்சர்ஸும் 8% இறங்குகின்றன. ஃபியூச்சர்ஸ் 25,000-இலிருந்து 23,000. பங்குகள் பீட்டா சொன்னபடி 9.6% இறங்கினால் இழப்பு 5,76,000 ரூபாய். ஃபியூச்சர்ஸில் லாபம் 2 × 65 × 2,000 = 2,60,000. நிகர இழப்பு 3,16,000, அதாவது 60 லட்சத்தில் 5.27%. அதை 8-ஆல் வகுத்தால் 0.66. மேலே வந்த அதே எண்.

இப்போது சந்தை 8% ஏறினால் என்ன ஆகும்? பங்குகளில் 5,76,000 லாபம், ஃபியூச்சர்ஸில் 2,60,000 நஷ்டம். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் பங்கு லாபம் டீமேட் கணக்கில் எண்ணாக மட்டும் இருக்கும். ஃபியூச்சர்ஸ் நஷ்டமோ தினமும் மாலை மார்க் டு மார்க்கெட் கணக்கில் ரொக்கமாகக் கழிக்கப்படும். ஃபியூச்சர்ஸ் விற்கத் தேவையான பிணைத்தொகையான மார்ஜினைப் பங்குகளை அடகு வைத்து வாங்கியிருந்தாலும் இந்தத் தினசரி நஷ்டத்தைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். பணம் இல்லாவிட்டால் புரோக்கர் பொசிஷனை மூடிவிடுவார். ஏற்றத்தின் உச்சியில் பாதுகாப்பு போய்விடும், அதன் பிறகு சந்தை இறங்கினால் முழு அடியும் உங்களுக்கே. அதனால் விற்பதற்கு முன்பே, சந்தை 8, 10 சதவீதம் ஏறினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை மார்ஜினுக்கு மேல் தனியாக ஒதுக்குங்கள். இந்த உதாரணத்துக்கு 10% என்றால் 3,25,000 ரூபாய்.

வரியும் இங்கே இரண்டாகப் பிரியும். ஃபியூச்சர்ஸ் லாப நஷ்டம் வணிக வருமானம். பங்குகளில் வருவது மூலதன ஆதாயம், அதுவும் விற்கும்போதுதான். ஒன்றின் நஷ்டம் மற்றொன்றின் லாபத்தோடு அதே வருடத்தில் கழியும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

## எப்போது மறுபடி கணக்கிடுவது?

விலை மட்டும் மாறினால் அவசரம் இல்லை. 8% இறங்கிய பிறகு பங்குகள் 54,24,000, ஒரு லாட் 14,95,000. பீட்டா 1.2 − (2 × 14.95 ÷ 54.24) = 0.65. கிட்டத்தட்ட அதே இடம்தான், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன.

கையில் உள்ள பங்குகள் மாறினால்தான் கணக்கு மாறும். உலோகப் பங்குகள் 12 லட்சத்தையும் விற்றுப் பணத்தை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மீதி 48 லட்சம், பீட்டா 0.88 ÷ 0.8 = 1.1. இன்னமும் 0.6 வேண்டும் என்றால் 0.5 × 48 ÷ 16.25 = 1.48 லாட். ஒரு லாட்டில் பீட்டா 0.76, இரண்டில் 0.42. ஒன்றுதான் சற்றே கிட்டத்தில் இருக்கிறது. அதாவது இரண்டில் ஒன்றைத் திரும்ப வாங்கி மூட வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சந்தைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பீர்கள்.

மாத எக்ஸ்பயரி வரும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை கான்ட்ராக்ட் ரொக்கமாகத் தீர்ந்துவிடும். மறுநாள் காலை உங்கள் பீட்டா பழையபடி 1.2 ஆகிவிடும். பாதுகாப்பு தொடர வேண்டும் என்றால், இரண்டு மூன்று நாள் முன்பே இந்த மாத லாட்டை வாங்கி மூடி, அடுத்த மாத லாட்டை விற்க வேண்டும். அடுத்த மாத விலை பொதுவாகச் சற்று அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசம் விற்பவருக்குச் சாதகம். அது குறைவாக இருந்தால், இடையில் பல நிறுவனங்களின் டிவிடெண்ட் வருகிறதா என்று பாருங்கள். டிவிடெண்ட் போகும் அளவுக்கு ஃபியூச்சர்ஸ் விலை முன்பே குறைந்திருக்கும், அந்த டிவிடெண்டில் உங்கள் பங்குகளுக்கு உரியது உங்கள் கணக்குக்கு வரும்.