இளநிலை டெவலப்பர் வேலைக்கான மின்னஞ்சலில் புராஜெக்ட் சுருக்கம் எழுதுவது எப்படி?

படிப்பை முடித்தவுடன் இளநிலை டெவலப்பர் பணிக்கு விண்ணப்பிப்பவரிடம் காட்டுவதற்குப் பணி அனுபவம் இருக்காது. ஆகவே, அவரால் என்ன செய்ய முடியும் என்பதை அறிய, மின்னஞ்சலில் அவர் எழுதும் புராஜெக்ட் சுருக்கத்தையே தேர்வு செய்பவர் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. அந்தச் சுருக்கத்தை எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

பலரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "ரியாக்ட், நோட், மைஎஸ்கியூஎல் ஆகியவற்றைப் பயன்படுத்தி நூலக மேலாண்மைச் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியது. இதன்மூலம் பல புதிய தொழில்நுட்பங்களைக் கற்றுக்கொண்டேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செயலி யாருக்குப் பயன்பட்டது, குழுவில் இவர் செய்த பகுதி எது, எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று படிப்பவருக்கு எழும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

படி 1: செயலியின் பயனை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "நூலக மேலாண்மை" என்பது தலைப்பு மட்டுமே. "எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்பதை நூலகர் ஒரே பக்கத்தில் பார்க்க உதவும் இணையச் செயலி" என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் அந்தப் பக்கமே தோன்றிவிடும்.

படி 2: உங்கள் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள். குழுவாகச் செய்த புராஜெக்ட்டில் எது உங்களுடையது என்பதில் உங்களுக்கே ஐயம் இருந்தால், புராஜெக்ட் கோப்புறையில் இந்தக் கட்டளையை இயக்கிப் பாருங்கள்.

```
git shortlog -sn HEAD
```

ஒவ்வொருவரும் எத்தனை கமிட் செய்திருக்கிறார்கள் என்பதை இது பட்டியலிடும். இரண்டு கணினிகளில் வெவ்வேறு பெயர் அமைத்திருந்தால் நீங்களே இரண்டு வரிகளில் வரக்கூடும். கமிட்டின் எண்ணிக்கை உழைப்பின் அளவும் ஆகாது. எனவே இதை நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொண்டு, "கடன் பதிவுக்கான தரவுத்தள அமைப்பும் ஏபிஐயும் என்னுடையவை" என்பதுபோலப் பகுதியைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

படி 3: ஒரு சிக்கலையும் அதன் காரணத்தையும் எழுதுங்கள். சுருக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நம் எடுத்துக்காட்டில், 50 புத்தகங்களைக் காட்டும் பக்கம் மிக மெதுவாகத் திறந்தது. பட்டியலுக்கு ஒரு வினவல் போக, ஒவ்வொரு புத்தகத்தையும் யார் எடுத்திருக்கிறார் என்று அறியத் தனித்தனி வினவல் என, மொத்தம் 51 முறை தரவுத்தளத்துக்குப் போய்வந்ததே அதற்குக் காரணம். புத்தக அட்டவணையுடன் கடன் பதிவு அட்டவணையை `LEFT JOIN` கொண்டு இணைத்ததும் ஒரே வினவல் போதுமானதாயிற்று. வெறும் `JOIN` போட்டிருந்தால், யாரும் எடுக்காத புத்தகங்கள் பட்டியலிலிருந்தே மறைந்திருக்கும். நேர்காணலில் கேள்வி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும் என்பதால், இதுபோன்ற நுணுக்கத்தையும் விளக்கத் தெரிந்த சிக்கலையே தேர்ந்தெடுங்கள். வேகம் எவ்வளவு கூடியது என்று அளந்து பார்க்கவில்லையென்றால் விநாடிக் கணக்கை எழுத வேண்டாம். வினவல்களின் எண்ணிக்கையே போதும்.

படி 4: மின்னஞ்சலில் பொருத்துங்கள். பொருள் வரியில் பணியின் பெயரும் உங்கள் பெயரும் இருந்தால் போதும். முழு வடிவம் இவ்வாறு அமையலாம்:

> பொருள்: இளநிலை டெவலப்பர் பணிக்கான விண்ணப்பம் – (உங்கள் பெயர்)
>
> வணக்கம்.
>
> தங்கள் நிறுவனம் அறிவித்துள்ள இளநிலை டெவலப்பர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு கணினி அறிவியலில் பட்டப்படிப்பை முடித்துள்ளேன்.
>
> எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்பதை நூலகர் ஒரே பக்கத்தில் பார்க்க உதவும் இணையச் செயலியை மூவர் குழுவாக உருவாக்கினோம். அதில் கடன் பதிவுக்கான தரவுத்தள அமைப்பையும் ஏபிஐயையும் நோட், மைஎஸ்கியூஎல் கொண்டு நான் எழுதினேன். பட்டியல் பக்கம் மெதுவாகத் திறந்ததை ஆராய்ந்து, 51 வினவல்களை ஒன்றாகக் குறைத்தேன். பயனர் அனுமதிகளைப் பிரிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.
>
> நிரலின் இணைப்பு: (முகவரி)
> தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், தொலைபேசி எண்)

முடியாத வேலையைச் சொல்வது பலவீனமாகத் தோன்றலாம். ஆனால் நிரலைத் திறந்து பார்ப்பவர் அதை எப்படியும் கண்டுகொள்வார். நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அது உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரியும்.

படி 5: அனுப்புவதற்கு முன் இணைப்பைச் சோதியுங்கள். கிட்ஹப்பில் தனிப்பட்டதாக வைத்திருக்கும் புராஜெக்ட் உங்களுக்குத் திறக்கும். மற்றவர்களுக்கு 404 பக்கமே வரும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இணைப்பைத் திறந்தால் இது உடனே தெரிந்துவிடும். அப்போதே, தரவுத்தளக் கடவுச்சொல்லை வைத்திருக்கும் `.env` கோப்பு உள்ளே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்திருந்தால், அதை இப்போது நீக்கினாலும் பழைய கமிட்களில் கடவுச்சொல் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், முதலில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பிறகு மின்னஞ்சலை அனுப்புங்கள்.