சொல்லை மாற்றினால் சுயவிவரம் மாறிவிடாது: பயிற்சித் துறைக்கு வரும் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

கடந்த சில மாதங்களில் ஏழு ஆசிரியர்கள் தங்கள் சுயவிவரத்தை அனுப்பி, பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். எல்லோருமே பள்ளியை விட்டு கார்ப்பரேட் பயிற்சிக்கு வர நினைப்பவர்கள். அதில் ஐந்து பேர் எழுதியிருந்தது, நான் பள்ளியை விட்டு வந்தபோது எழுதிய அதே வரிகள். எழுத்துப்பிழையையும் மங்கலான போட்டோவையும் யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டுவார்கள், அதற்குள் போகவில்லை.

## சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். மாணவர்கள் என்று இருந்த இடத்தில் 'லேர்னர்ஸ்'. பெற்றோர் 'ஸ்டேக்ஹோல்டர்ஸ்' ஆகிவிடுவார்கள். பாடக்குறிப்பு 'கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி', வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது 'பீப்பிள் மேனேஜ்மென்ட்'. செய்த வேலை அப்படியே இருக்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

படிப்பவருக்கு இந்தச் சொற்கள் அலங்காரம் இல்லை, தினமும் புழங்குபவை. ஒரு பயிற்சி மேலாளருக்கு ஸ்டேக்ஹோல்டர் என்றால், தன் ஆட்களை இரண்டு நாள் வேலையிலிருந்து விடுவிக்கத் தயங்கும் துறைத் தலைவர். அல்லது பயிற்சிச் செலவுக்குக் கையெழுத்துப் போடுபவர். என்னுடைய முதல் நேர்காணலில் அதைத்தான் கேட்டார்கள்: "உங்கள் ஸ்டேக்ஹோல்டர் கேட்ட பயிற்சி தேவையில்லை என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?" நான் பெற்றோர் கூட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெறுமனே 'பெற்றோர்' என்று எழுதியிருந்தால், கோபமாக வந்த ஒரு தந்தையிடம் எப்படிப் பேசினேன் என்று கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது.

இன்னொரு இழப்பு இதைவிடப் பெரியது. வகுப்பறையைப் பயிற்சி அறையாகக் காட்டும் முனைப்பில், உண்மையிலேயே பயிற்சியாக இருந்த வேலை கீழே புதைந்துபோகிறது. பன்னிரண்டு வருடம் வேதியியல் நடத்திய ஒரு ஆசிரியை இரண்டு பக்கச் சுயவிவரம் அனுப்பியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: 'இதர பொறுப்புகள்: மதிப்பெண் மென்பொருள் ஒருங்கிணைப்பு.' அது என்ன மேடம் என்று கேட்டேன். "அது சும்மா சார், ஸ்டாஃபுக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

அந்த 'சும்மா'வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். பள்ளி, மதிப்பெண் பதிவேட்டிலிருந்து மென்பொருளுக்கு மாறியது. விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து 34 ஆசிரியர்களுக்கும் இரண்டு மணி நேரம் திரையில் காட்டிவிட்டுப் போனார். அடுத்த தேர்வுக்கும் மதிப்பெண் காகிதத்தில்தான் வந்தது. இவரே ராத்திரி வரை உட்கார்ந்து பலருக்கு ஏற்றிக்கொடுத்தார். அப்புறம் ஆறு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறார். உள்ளே நுழைவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. தேர்வுக்கு வராத மாணவருக்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டால் முழுத் தாளையும் மென்பொருள் திருப்பி அனுப்பியது, காரணமும் காட்டவில்லை. எல்லோரும் அங்கேதான் நின்றுபோனார்கள். அதனால் முழு மென்பொருளையும் மறுபடி நடத்தாமல், எட்டொன்பது பேராகப் பிரித்து 40 நிமிட அமர்வுகள் வைத்தார். மாதிரித் தாள் கிடையாது. ஒவ்வொருவரும் தன் வகுப்பின் மதிப்பெண்ணையே ஏற்ற வேண்டும். கையில் ஒரு பக்கக் குறிப்பு. அடுத்த தேர்வில் 32 பேர் உரிய நாளுக்குள் தாங்களாகவே ஏற்றிவிட்டார்கள்.

பயிற்சித் துறையில் இந்த வரிசைக்குப் பெயரே இருக்கிறது: தேவையை ஆராய்வது, வடிவமைப்பது, உருவாக்குவது, நடத்துவது, மதிப்பிடுவது. ADDIE மாடல் என்பார்கள். மதிப்பிடுவதற்கு கிர்க்பாட்ரிக்கின் நான்கு படிகள் உண்டு: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பல பயிற்சிகள் கருத்துப் படிவத்தோடு முதல் படியிலேயே முடிந்துவிடும். இவருடையது மூன்றாம் படிவரை போயிருக்கிறது. அது இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் கிடந்தது.

மேலே கொண்டுவந்து இப்படி எழுதினோம்:

'புதிய மதிப்பெண் மென்பொருளில் 34 சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தேன். ஆறு பேர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்து, தடை பதிவேற்றும் தாளில்தான் என்று கண்டறிந்தேன். சிறு குழுக்களுக்கு 40 நிமிடச் செய்முறை அமர்வுகளும் ஒரு பக்க வழிகாட்டியும் தயாரித்து நடத்தினேன். அடுத்த தேர்வில் 32 பேர் உதவியின்றி உரிய நாளுக்குள் மதிப்பெண்ணைப் பதிவேற்றினர்.'

துறைச் சொல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் தேடுபவர்கள் அந்தச் சொற்களை வைத்துத்தான் தேடுகிறார்கள். 'பயிற்சித் தேவை ஆய்வு' என்று திறன்கள் பகுதியில் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் அதற்குச் சாட்சியாக மேலே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் சொல்லைக் காட்டி "ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், இரண்டு நிமிடம் நிற்காமல் பேச வருகிறதா? வரவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை நினைவில் இல்லையென்றால் சதவீதத்தைக் கற்பனை செய்யாதீர்கள். முன்பு என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும்.

## தேர்ச்சி விகிதத்தைத் தலையில் வைப்பது

'98% தேர்ச்சி' என்றால் பள்ளியில் எல்லோருக்கும் புரியும். வெளியே இருப்பவருக்கு முந்தைய வருடம் எவ்வளவு என்று தெரியாது, அதில் உங்கள் பங்கு எது என்றும் தெரியாது. நாற்பது பேரில் முப்பது பேர் ஒரே கேள்வியைத் தவறாக எழுதியதைக் கவனித்து, அந்தப் பகுதியை வேறு விதமாக நடத்தி, மறுபடி சோதித்தீர்கள் அல்லவா? அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

## எல்லாத் திறமையும் கூடவே வரும் என்று எழுதுவது

சில வரும், சில வராது. நடத்திக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று கண்டு, திட்டத்தை அங்கேயே மாற்றுவது முழுசாக வரும். கடினமான விஷயத்தைப் படிப்படியாக உடைப்பதும் வரும். ஆசிரியர் என்ற அதிகாரம் வராது. பயிற்சிக்கு வந்தவர் இடையில் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார், நிறுத்த முடியாது. உங்களுக்கு ஒரு கல்வியாண்டு கிடையாது. அரை நாள் கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் 'வகுப்பறை ஒழுங்கு' என்ற வரியை எடுத்துவிட்டு, பெரியவர்களோடு செய்த வேலையை அங்கே வையுங்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு வழிகாட்டியது, சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொன்னது, பெற்றோரிடம் கசப்பான செய்தியைச் சொன்னது எல்லாம் இதில் சேரும்.

## ஹெட்லைனில் 'பயிற்சியாளராக விரும்புபவர்'

லிங்க்ட்இன் ஹெட்லைனில் 220 எழுத்துகளுக்குத்தான் இடம். விருப்பத்தை விட்டு, யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்.

## இரண்டு வேலைக்கும் ஒரே சுயவிவரம்

நடத்துபவர் வேறு, பாடத்தை வடிவமைப்பவர் வேறு. இரண்டாவதற்குச் செய்து காட்டிய மாதிரி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

## ஆதாரத்தைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவது

அந்த ஆசிரியையிடம் ஒரு பக்கக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். பள்ளிக் கணினியில் இருந்தது. ராஜினாமா கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்ததால் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ள முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்களில் தெரிந்த மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து, பள்ளிப் பெயரையும் நீக்கிவிட்டு வைத்துக்கொண்டார். நேர்காணலில் அதை மேஜைமேல் வைத்ததும், பேச்சு முழுக்க அந்த வெறுமையான கட்டத்தைப் பற்றியே போனதாம்.