தைராய்டு சிகிச்சை தொடங்கிய பின் வார்ஃபரின், டிஜாக்சின் அளவுகளைக் கண்காணிக்கும் முறை

என் தாயாருக்கு மிகைத் தைராய்டும், அதனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பும் இருந்தன. கார்பிமசோல் தொடங்கியபோது அவர் ஏற்கெனவே நாளொன்றுக்கு 2 மி.கி. வார்ஃபரினும் 0.25 மி.கி. டிஜாக்சினும் உட்கொண்டு வந்தார். இவ்விரண்டு அளவுகளும் தைராய்டு மிகுந்திருந்த உடலுக்காக நிர்ணயிக்கப்பட்டவை, தைராய்டு தணிந்தால் அவை பொருந்தாமல் போகும் என்பது எனக்கு ஆறு வாரம் கழித்தே புரிந்தது. ஐ.என்.ஆர். பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதுவதால் அதன் அடிப்படையை இங்கே விளக்கவில்லை.

படி 1: தொடக்க நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

கார்பிமசோலின் முதல் மாத்திரைக்கு முன் எடுத்த ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., ஐ.என்.ஆர்., கிரியாட்டினின், நாடித்துடிப்பு ஆகியவற்றையும் எல்லா மருந்துகளின் அளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கைபேசிச் செயலிகளைவிடக் கோடிட்ட நோட்டையே நான் விரும்புகிறேன், ஐ.என்.ஆர். பார்ப்பவர், தைராய்டு மருத்துவர், இதய மருத்துவர் ஆகிய மூவரும் அதே பக்கத்தைப் பார்க்க முடிகிறது.

படி 2: எந்த மருந்து எந்தத் திசையில் நகரும் என்று எழுதுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். தைராய்டு ஹார்மோன் மிகும்போது இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகள் விரைவாகச் சிதைகின்றன. வார்ஃபரின் அவற்றின் உற்பத்தியைக் குறைப்பதால், சிதைவும் கூடிய உடலில் சிறிய அளவே போதுமானதாகிறது. கார்பிமசோல் வேலை செய்யத் தொடங்கியதும் சிதைவு மெதுவாகிறது, ஐ.என்.ஆர். இறங்குகிறது, வார்ஃபரின் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

டிஜாக்சின் இதற்கு நேர்மாறானது. மிகைத் தைராய்டில் சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்றுவதோடு இதயமும் அதற்கு எளிதில் இணங்குவதில்லை என்பதால் பெரிய அளவு கொடுக்க நேர்கிறது. தைராய்டு தணிந்ததும் அதே அளவு இரத்தத்தில் தேங்கிவிடும். ஆகவே ஒரே நோயாளியிடம், ஒரே மாதத்தில், ஒரு மருந்து போதாமலும் மற்றொன்று மிகையாகவும் ஆகக்கூடும். ஐ.என்.ஆர். குறைவதைக் கண்டு மாத்திரையைத் தவறவிட்டிருப்பார் என்று எண்ணிய நான், மறுபுறம் டிஜாக்சின் ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை.

படி 3: நாட்காட்டி வகுத்துக்கொள்ளுங்கள்

சுரப்பியில் ஏற்கெனவே சேமிப்பாக உள்ள ஹார்மோன் தீர வேண்டியிருப்பதால், கார்பிமசோலின் பலன் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில்தான் தெரியும். எனவே முதல் வாரம் ஐ.என்.ஆர். மாறவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையக்கூடாது. எங்கள் நோட்டில் தொடக்கத்தில் 2.4 என இருந்த ஐ.என்.ஆர். நான்காம் வாரம் 1.9, ஆறாம் வாரம் 1.5 என்று இறங்கியது. மருத்துவர் வார்ஃபரினை முதலில் 3 மி.கி. ஆகவும், இரு வாரம் கழித்து 4 மி.கி. ஆகவும் உயர்த்தினார். வாரந்தோறும் சோதித்ததால்தான் இதைப் படிப்படியாகச் செய்ய முடிந்தது.

இக்காலத்தில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும். ஹார்மோன் அளவு சீரான பின்னும் அது பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட, அடங்கியே இருக்கும். மருந்தளவை மறுபரிசீலனை செய்யும் நேரத்தைக் காட்டுவது ஃப்ரீ டி4 தான்.

படி 4: டிஜாக்சின் மிகுந்ததை அறிகுறியாலும் பாருங்கள்

ஆறாம் வாரம் அம்மாவுக்குப் பசியில்லை, குமட்டல் இருந்தது. வயிற்றுக் கோளாறு என்று இரு நாட்களைக் கடத்தினோம். நாடி 48 என்று கண்ட பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தத்தில் டிஜாக்சின் மில்லிலிட்டருக்கு 2.4 நானோகிராம் இருந்தது. மருத்துவர் சில நாட்கள் நிறுத்திவிட்டு 0.125 மி.கி. ஆகத் தொடர்ந்தார். பார்வை மஞ்சளாகத் தெரிவதும் இதன் அடையாளம். இச்சோதனைக்கு மாத்திரை உண்டு குறைந்தது ஆறு மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். பொட்டாசியமும் உடன் பார்க்கப்பட வேண்டும், அது குறைந்திருந்தால் டிஜாக்சினின் நச்சுத்தன்மை கூடும்.

ப்ரொப்ரனலோல், இன்சுலின் ஆகியவற்றின் தேவையும் தைராய்டு தணியும்போது பொதுவாகக் குறையும். அவற்றையும் அதே பக்கத்தில் சேருங்கள். எந்த மாத்திரையையும் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நோட்டு, மருத்துவரிடம் காட்டுவதற்கே.

பின்சேர்க்கை

தைராய்டு குறைவுக்காக லெவோதைராக்சின் தொடங்கிய ஒரு வாசகர், தமக்கு ஐ.என்.ஆர். ஏறுவது ஏன் என்று கேட்டிருந்தார். படி 2-ஐத் தலைகீழாக வாசிக்க வேண்டும்: உறைவுக் காரணிகள் இப்போது விரைவாகச் சிதையத் தொடங்குவதால் பழைய வார்ஃபரின் அளவு மிகையாகிறது, இரத்தக்கசிவு அபாயம் உண்டாகிறது. டிஜாக்சின் தேவையோ கூடக்கூடும்.

அமியோடரோன் உட்கொள்வோருக்கு இந்தக் கணக்கு சிக்கலாகும். அதிலுள்ள அயோடின் தைராய்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அதோடு அம்மருந்தே வார்ஃபரினின் விளைவையும் டிஜாக்சின் அளவையும் உயர்த்தும். அவர்கள் ஐ.என்.ஆர். மாறும் ஒவ்வொரு முறையும் தைராய்டு சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஃப்ரீ டி4 அடுத்தடுத்து இரு சோதனைகளில் நிலையாக இருந்த பின்னரே எங்கள் மருத்துவர் வாராந்திர ஐ.என்.ஆர். சோதனையை மாதம் ஒருமுறையாக்கினார். கார்பிமசோல் நிறுத்தப்படும் நாளில் புதிய பக்கம் திறந்து முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.