இசைத்தாளில் பாடல் வரியை மொழிபெயர்ப்பது: கார்டும் வேகக் குறிப்பும் இடம் மாறாமல்

அச்சடித்த இசைத்தாளில் ஐந்து கோடுகளுக்குக் கீழே சொற்கள், மேலே C, G7 போன்ற கார்ட் குறிகள், அவற்றுக்கும் மேலே வேகச் சொற்கள். கார்ட் சொல்லுக்கு மேலே இருப்பதுபோல் தெரிந்தாலும், அது சொல்லுக்குச் சொந்தமல்ல, சுரத்துக்குச் சொந்தம். இதை மறந்தால் மற்றதெல்லாம் கெடும்.

நான் இதற்காகவே எழுதிய ஒரு வரியை, சுரங்களை ஆங்கில எழுத்துகளால் எழுதும் ஏபிசி குறியீட்டில் பார்ப்போம். அதில் `w:` என்று தொடங்குவது பாடல் வரி. எண் 2 வந்தால் இரண்டு தட்டு, 4 என்றால் நான்கு.

```
X:1
T:காலை
M:4/4
L:1/4
Q:"Andante"
K:C
"C"E2 D E | "F""^rit."A2 G "G7"F | "C"E4 |]
w: Morn-ing light, come down to me
```

முதலில் சுரங்களை எண்ணுங்கள்: ஏழு. நீளம் 2, 1, 1 | 2, 1, 1 | 4. இந்த வரிசையைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். மொழிபெயர்க்க வேண்டியது இதற்குள்தான்.

அடுத்து தமிழ் வரி. ஒரு சுரத்துக்கு ஓர் ஒலிப்பகுதி; மெய்யெழுத்துக்குத் தனிச் சுரம் கிடையாது. ‘அன்பு’ மூன்று எழுத்து, ஆனால் இரண்டே சுரம்: அன்-பு.

முதலில் ‘காலைக் கதிரே வாராய்’ என்று எழுதினேன். எண்ணிக்கை சரியாக ஏழு. பாடியபோது நான்காம் சுரமான இரண்டு தட்டில் ‘தி’ நின்றது. இழுத்ததும் அது ‘தீ’ ஆகி, கதிர் ‘கதீர்’ ஆனது. ஆங்கிலத்தில் உயிரொலியை நீட்டினால் பெரும்பாலும் பொருள் மாறாது. தமிழில் கல் என்பது கால் ஆகிவிடும். அதனால் நீண்ட சுரத்துக்கு நெடிலைத் தேடுங்கள். குறிலே வந்தாக வேண்டுமென்றால் ‘அன்’ போல மெய்யில் முடிவதை வைத்து, அந்த மெய்யில் நின்று பாடலாம்.

திருத்திய வரி:

```
w: கா-லை-யின் சோ-தி-யே வா
```

கா, சோ, வா மூன்றும் நீண்ட சுரங்களில் விழுகின்றன. ‘கீழே’ என்ற பொருள் போய்விட்டது. அந்த இழப்பை நான் மனமறிந்தே ஏற்கிறேன்.

இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். மூலத்தில் F குறி ‘வா’ என்ற பொருளுள்ள சொல்லின் மேல் இருந்ததே என்று, அதைத் தமிழ் ‘வா’வுக்கு மேலே நகர்த்திவிடுவார்கள். கூடாது. F இரண்டாம் கட்டத்தின் முதல் தட்டில் பிறக்கிறது. இப்போது அதன் கீழே ‘சோ’ இருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயே தொடங்கும், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் `rit.` குறிப்பும் அப்படியே நிற்க வேண்டும். `Andante`, `rit.` இரண்டையும் தமிழாக்க வேண்டாம். எந்த மொழி வாசிப்பவரும் அறிந்த இத்தாலியச் சொற்கள் அவை. பாடுவோருக்குப் பொருள் தேவையென்றால் பக்கத்தின் அடியில் எழுதுங்கள்.

காகிதத்தில் செய்வதானால், நகலெடுத்த தாளில் பழைய சொல்வரியை மட்டும் வெள்ளைத்தாள் கீற்றால் மூடி அதன்மேல் எழுதுங்கள். ‘யின்’ போன்றவை அகலமானவை. எழுத்தைச் சிறிதாக்குங்கள், சுரத்தின் நேர்க்கீழிலிருந்து நகர்த்தாதீர்கள். பிறர் உரிமையுள்ள பாடலென்றால் வெளியிடும் முன் அனுமதி பெற வேண்டும்.

கடைசியாக மூலத்தையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கோடுகளுக்கு மேலே இருப்பவை ஒன்றாகப் பொருந்த வேண்டும். கீழே மட்டுமே வேறுபாடு தெரிய வேண்டும்.